இரண்டாம் தரப்பினர் யார்? ஒரு கடன் ஒப்பந்தத்தின் தலைப்பும் தொடக்கப் பத்தியும்

ஒரு நிறுவனம் வங்கியிடம் வாங்கியிருந்த கடனின் தவணைக் காலத்தை நீட்டிக்க விரும்பியபோது, பழைய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துப் புதிய வரைவு ஒன்றை எழுதித் தரும்படி அதன் இயக்குநர் என்னிடம் கேட்டார். காலத்தை நீட்டிப்பது இரண்டு பக்கத்தில் முடிகிற வேலை. ஆனால் பழைய ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைத் தாண்டும் முன்பே, அதன் தலைப்பில் தரப்பினர் நிற்கும் வரிசை வேறாகவும் தொடக்கப் பத்தியில் நிற்கும் வரிசை வேறாகவும் இருப்பதைக் கண்டேன். அங்கிருந்து தொடர்ந்து படித்தபோது, அந்த இயக்குநர் தம் சொந்தச் சொத்துகளைக் கொண்டும் இந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரா என்ற கேள்விக்கு அந்த ஆவணம் தெளிவான விடை எதையும் தரவில்லை என்பது தெரிந்தது. அவரோ அப்படி ஒரு கேள்வி இருப்பதையே அறியாமல் நான்கு ஆண்டுகளாகத் தவணை கட்டி வந்திருந்தார்.

ஏற்பாடு எளிமையானதுதான். நிறுவனத்துக்கு வங்கி கடன் தருகிறது. இயக்குநரின் குடும்பத்துக்கென ஓர் அறக்கட்டளை இருக்கிறது; அதற்கு ஒரே அறங்காவலர் அந்த இயக்குநரே. அறக்கட்டளைச் சொத்தான ஒரு நிலம் கடனுக்கு ஈடாக அடமானம் வைக்கப்படுகிறது. அந்த நிலத்தின் மதிப்பளவுக்கு அறக்கட்டளை பிணை நிற்கிறது. ஆக, ஒரே மனிதர் நிறுவனத்துக்காகக் கையொப்பமிடும் இயக்குநராகவும், அறக்கட்டளைச் சொத்தைப் பிணையாகத் தரும் அறங்காவலராகவும், இந்த இரண்டும் அல்லாத தனி மனிதராகவும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மூன்றில் எது ஒப்பந்தத்தில் இருக்கிறது, எது இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய இடம் தொடக்கப் பத்திதான்.

பெயர்களை நீக்கிவிட்டு அதன் சொற்களை அப்படியே தருகிறேன். தலைப்பு இப்படி இருந்தது: “கடன் பெறும் நிறுவனம், குடும்ப அறக்கட்டளை, வங்கி ஆகியவற்றுக்கு இடையிலான கடன் மற்றும் பிணை ஒப்பந்தம்.” அதற்குக் கீழே தொடக்கப் பத்தி: “இவ்வொப்பந்தம் கடன் தரும் வங்கிக்கும் (இனி 1-ஆம் தரப்பினர்), கடன் பெறும் நிறுவனத்துக்கும் (இனி 2-ஆம் தரப்பினர்), அந்நிறுவனத்தின் இயக்குநரும் குடும்ப அறக்கட்டளையின் அறங்காவலரும் பிணையாளருமான இன்னாருக்கும் (இனி 3-ஆம் தரப்பினர்) இடையே செய்துகொள்ளப்பட்டது.” கடைசிப் பக்கத்தில் மூன்று கையொப்பங்கள்: வங்கிக்காக அதன் மேலாளர், நிறுவனத்துக்காக இயக்குநர், மூன்றாவதாக “அறக்கட்டளைக்காக” என்ற சொல்லின் கீழ் அதே இயக்குநர், பெயருக்கு அடியில் “அறங்காவலர்” என்ற குறிப்புடன்.

மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பிணை நிற்கும் தரப்பினர் ஒவ்வோர் இடத்திலும் வேறு ஒருவராகத் தெரிகிறார். தலைப்பில் அது அறக்கட்டளை. தொடக்கப் பத்தியில் அது இன்னார் என்ற மனிதர். இயக்குநர், அறங்காவலர், பிணையாளர் என்ற மூன்றும் அவர் பெயருக்கு முன் ஒட்டிய அடைமொழிகள். கையொப்பத்தில் அது அறங்காவலர். இதை எழுதியவர் கவனக்குறைவானவர் என்று நான் நினைக்கவில்லை. தலைப்பு ஒரு மாதிரிப் படிவத்திலிருந்தும் தொடக்கப் பத்தி வங்கியின் படிவத்திலிருந்தும் வந்திருக்கின்றன. இரண்டும் தனித்தனியே பார்த்தால் பிழையற்றவை.

முதலில் வரிசையை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதால் மட்டும் யாருக்கும் உரிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. முதலில் நிற்பவர் மேலானவர் என்ற எண்ணத்தில் சிலர் வரிசைக்காக வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் பொருள் இல்லை. ஆனால் “1-ஆம் தரப்பினர்”, “2-ஆம் தரப்பினர்” என்று எண்ணால் அழைக்க முடிவுசெய்த கணத்திலிருந்து வரிசைக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கூறும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தொடக்கப் பத்தியில் வரிசையை மாற்றினால், உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொடாமலேயே எல்லாக் கூறுகளின் பொருளும் மாறிவிடும்.

இங்கே நடந்தது அதுதான். உட்கூறுகள் தலைப்பின் வரிசைப்படி எழுதப்பட்டிருந்தன: நிறுவனம் 1, அறக்கட்டளை 2, வங்கி 3. தொடக்கப் பத்தி வங்கியை முதலில் நிறுத்தியதும் எண்கள் இடம் பெயர்ந்தன. 9-ஆம் கூறு, “1-ஆம் தரப்பினர் செலுத்தத் தவறும் தொகையை 2-ஆம் தரப்பினர் செலுத்துவார்” என்றது. தொடக்கப் பத்தியின்படி படித்தால், வங்கி கட்டத் தவறிய கடனை நிறுவனம் தீர்க்க வேண்டும் என்றாகிறது. கடன் கொடுத்தவரே தவணை கட்டுவதாகச் சொல்லும் இந்தக் கூறு யாரையும் ஏமாற்றாது. வெளிப்படையான பிழை, சரியான வாசகம் எதுவாக இருந்திருக்க வேண்டும் என்பதும் சந்தேகமின்றித் தெரிகிறது என்றால், நீதிமன்றம் பொருள்கொள்ளும்போதே அதைத் திருத்திப் படிக்கும். எனவே 9-ஆம் கூறு என்னை அதிகம் கவலைப்படுத்தவில்லை.

கவலை தந்தது 14-ஆம் கூறு: “2-ஆம் தரப்பினரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிக் கடன் தொகையை உயர்த்தலாகாது.” தலைப்பின் வரிசைப்படி 2-ஆம் தரப்பினர் அறக்கட்டளை, அப்படியானால் இது பிணையாளரைக் காக்கும் கூறு. தொடக்கப் பத்தியின்படி அது நிறுவனம். அப்படியானால், கடன் பெறுபவர் கேட்காமல் அவர் தலையில் கூடுதல் கடனை ஏற்றக் கூடாது என்று பொருள். இரண்டுமே ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணக்கூடிய, அர்த்தமுள்ள ஏற்பாடுகள். படிப்பவர் எதிலும் தடுக்கி விழமாட்டார். ஆகவே பிழை இருப்பதாகவே தோன்றாது. எண் இடம் மாறிய ஆவணங்களில் ஆபத்து இத்தகைய கூறுகளில்தான் இருக்கிறது. அபத்தமாகிப் போன கூறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். மாறிய பின்னும் பொருத்தமாகப் படிக்க வருகிற கூறு காட்டிக்கொடுக்காது. அதனால் எண்வழி அழைக்கும் ஆவணத்தைச் சரிபார்க்கும்போது, ஒவ்வொரு கூறும் அர்த்தம் தருகிறதா என்று படித்தால் போதாது. ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாக அந்தத் தரப்பினர் ஏற்கும் வேலையின் பெயரைப் போட்டு, தரப்பினர் விரும்பியதும் இதுதானா என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் தாள் விவகாரமாக நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டில் கடன் தொகை உயர்த்தப்பட்டிருந்தது. மூலக் கடனை 100 என்று வைத்துக்கொண்டால் உயர்வுக்குப் பின் அது 140. வங்கியின் கோப்பில் அதற்கான ஒப்புதல் கடிதம் ஒன்று இருந்தது. நிறுவனத்தின் கடிதத்தாளில், “2-ஆம் தரப்பினர் இவ்வுயர்வுக்கு ஒப்புகிறார்” என்ற வாசகத்துடன், இயக்குநர் என்ற குறிப்பின் மேல் அவருடைய கையொப்பம். வங்கி தொடக்கப் பத்தியைப் பார்த்து 2-ஆம் தரப்பினர் நிறுவனம் என்று எடுத்துக்கொண்டு அதன் ஒப்புதலை வாங்கியிருந்தது. அறங்காவலர் என்ற முறையில் எவரும் எதற்கும் ஒப்பவில்லை.

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இது சிறிய குறை அல்ல. 1878-இல் தீர்ப்பான ஹோம் எதிர் பிரன்ஸ்கில் என்ற வழக்கு இந்த மரபில் இன்றும் அடிப்படையாக எடுத்தாளப்படுகிறது. ஆட்டு மந்தையோடு குத்தகைக்கு விடப்பட்ட ஒரு பண்ணை. குத்தகை முடியும்போது மந்தையை நல்ல நிலையில் திருப்பித் தருவதற்கு ஒருவர் பிணை நின்றார். இடையில் உரிமையாளரும் குத்தகைதாரரும் பிணையாளரைக் கேட்காமல், ஒரே ஒரு வயலைத் திருப்பிக் கொடுத்து ஆண்டுக் குத்தகையில் 10 பவுண்டு குறைத்துக்கொண்டார்கள். அந்த மாற்றத்தின் பேரில் பிணையாளர் முற்றிலுமாக விடுவிக்கப்பட்டார். மூல உடன்படிக்கையில் செய்யும் மாற்றம் பிணையாளருக்குக் கேடற்றது என்பது தானாகவே விளங்காதபோது, அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை பிணையாளருடையது என்பதே அதன் சாரம். 100 ஆக இருந்த கடனை 140 ஆக்குவது கேடற்ற மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. வங்கிகள் வழக்கமாக, மாற்றங்கள் எதுவும் பிணையாளரை விடுவிக்காது என்ற கூறு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். இந்த ஒப்பந்தத்தில் அந்தக் கூறும் இருந்தது. அதிலும் “3-ஆம் தரப்பினரின் பொறுப்பு குறையாது” என்று எண்தான் இருந்தது. தலைப்பின் வரிசையில் 3-ஆம் தரப்பினர் வங்கியே.

அந்த ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட்டவர் அதே மனிதர்தானே, அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லையே என்று கேட்கலாம். வங்கி நிச்சயம் கேட்கும். அந்த வாதத்துக்கு வலிமையும் உண்டு. ஆனால் இயக்குநராக ஒப்பும்போது அவர் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் நலன். அறங்காவலராக ஒப்பும்போது அவர் பார்க்க வேண்டியது அறக்கட்டளையின் பயனாளிகளான தம் பிள்ளைகளின் நலன். நிறுவனத்துக்குக் கூடுதல் கடன் நல்லதாக இருக்கும் அதே நாளில், பிள்ளைகளின் நிலத்துக்கு அது கேடாக இருக்கலாம். கை ஒன்றே என்பதால் முடிவும் ஒன்றே என்று ஆகிவிடாது. எந்த நிலையில் நின்று கையொப்பமிட்டார் என்பதை ஆவணம் சொல்லியாக வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

இங்கிருந்து தகுதிநிலைக்கு வருகிறேன். பழைய ஆவணங்கள் இதை “ஹோதா” என்றன. இப்போது “என்ற முறையில்” என்று எழுதுகிறோம். தமிழில் ஒருவரைப் பற்றிச் சொல்லும் குறிப்பைப் பெயருக்கு முன் அடையாக வைப்பது இயல்பு: “இயக்குநரும் அறங்காவலருமான இன்னார்”. இந்த “ஆன” என்ற சொல் ஆளை அடையாளம் காட்டுகிறது. இவர் யார், அந்தப் பெயருடையவர்களில் எவர் என்று சொல்கிறது. அவர் எந்த நிலையில் நின்று இந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறார் என்று அது சொல்வதில்லை. “அறங்காவலர் என்ற முறையில் இன்னார்” என்பதோ அவருடைய பங்கேற்பை வரையறுக்கிறது. முன்னதை வைத்துக்கொண்டு வங்கி, “ஒப்பந்தத்தின் தரப்பினர் இன்னார் என்ற மனிதர், மற்றவை அவரைப் பற்றிய விவரம்” என்று வாதிடலாம். நம்முடைய தொடக்கப் பத்தியில் “பிணையாளரும்” என்ற சொல்லும் அதே “ஆன” தொடரில் கோக்கப்பட்டிருந்ததால், அந்த மனிதரே பிணையாளர் என்ற வாசிப்புக்கு வாசல் திறந்தே இருந்தது.

கையொப்பத்தில் “அறங்காவலர்” என்று இருக்கிறதே, அது காப்பாற்றாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள் முதலில் சென்று சேர்வது, அக்காலத்தில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1923-இல் தீர்த்த யுனிவர்சல் ஸ்டீம் நேவிகேஷன் எதிர் ஜேம்ஸ் மெக்கெல்வி வழக்குக்குத்தான். அது ஒரு கப்பல் வாடகை ஒப்பந்தம். அதன் உள்ளே ஜேம்ஸ் மெக்கெல்வி நிறுவனம் “வாடகைக்கு எடுப்பவர்” என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் கையொப்பத்தில் நிறுவனத்தின் பெயரை அடுத்து “முகவர்களாக” என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. கப்பல் உரிமையாளர்கள் மெக்கெல்வி நிறுவனத்தையே பொறுப்பாக்க முயன்றார்கள். கையொப்பத்தோடு சேர்ந்த அந்தச் சொல் வெறும் விவரம் அல்ல, ஒப்பந்தம் முழுவதிலும் அவர்கள் ஏற்ற நிலையை அது வரையறுக்கிறது என்று பிரபுக்கள் சபை முடிவுசெய்தது. மெக்கெல்வி நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பியது. உள்ளே ஒன்றும் கையொப்பத்தில் ஒன்றும் இருக்கும்போது, கையொப்பத்தில் வெளிப்படையாக எழுதப்பட்ட தகுதிநிலைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

என்னிடம் வந்த இயக்குநருக்கு இந்தத் தீர்ப்பு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நான் அவரிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் மெக்கெல்வி முகவர், இவர் அறங்காவலர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்தப் பொருளில் அதிகம் தவறவிடப்படும் ஒன்று. முகவருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். “முகவராக” என்று சொன்னதும் பொறுப்பு அந்த இன்னொருவரிடம் போய்ச் சேர்கிறது. முகவர் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. அறங்காவலருக்குப் பின்னால் யாரும் இல்லை. அறக்கட்டளை என்பது இந்தச் சட்ட மரபில் தனக்கென ஆளுமை உடைய ஒன்றாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை; அது அறங்காவலர் கையிலுள்ள சொத்தும் அதன் மீதான கடமையும்தான். ஆகையால் அறங்காவலர் செய்யும் ஒப்பந்தத்துக்கு வெளியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அறக்கட்டளைச் சொத்திலிருந்து அதை ஈடுசெய்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. சொத்து போதவில்லை என்றால் மிச்சம் அவருடையது.

இதைக் கடுமையாக உணர்த்தியது 1879-இல் வந்த மியூர் எதிர் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி தீர்ப்பு. 1878 அக்டோபரில் அந்த வங்கி வீழ்ந்தது. அதன் பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சில அறங்காவலர்கள் அறக்கட்டளைக்காகப் பங்குகளை வைத்திருந்தார்கள்; பங்குப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் அறங்காவலர்கள் என்ற குறிப்போடுதான் இருந்தது. அறக்கட்டளைச் சொத்தின் அளவுக்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு என்று அவர்கள் வாதிட்டார்கள். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. அவர்கள் தங்கள் சொந்தச் சொத்திலிருந்தும் கட்ட வேண்டியவர்களானார்கள். தகுதிநிலை சரியாக எழுதப்பட்டிருந்தது, பதிவேட்டிலேயே இருந்தது. ஆனால் எந்தச் சொத்தின் அளவுக்குப் பொறுப்பு என்பதை அது சொல்லவில்லை.

ஆகவே, “அறங்காவலர் என்ற முறையில்” என்று எழுதுவது தேவையான பணியில் பாதிதான். யார் எந்த நிலையில் வருகிறார் என்பதை அது சொல்கிறது. பொறுப்பு எதோடு முடிகிறது என்பதைச் சொல்ல இன்னொரு வாக்கியம் வேண்டும்: அறக்கட்டளைச் சொத்திலிருந்து மட்டும், அதன் அளவுக்கு மட்டும், சொந்தச் சொத்துக்குச் செல்லாமல். இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தொடக்கப் பத்தியிலேயே திணிக்காமல், உள்ளே தனிக் கூறாக எழுதித் தொடக்கப் பத்தியிலிருந்து அதைச் சுட்டுவது நல்லது. பொறுப்பை ஏற்கும் வாசகத்தையும் அதைக் கட்டுப்படுத்தும் வாசகத்தையும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்படி ஒரே மூச்சில் எழுதினால், எது நிற்கும் என்ற புதிய சண்டைக்கு வழிவிடும்.

தகுதிநிலைச் சொல்லுக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது. அறங்காவலர் என்று எழுதிக்கொள்வதால் அறங்காவலருக்கு இல்லாத அதிகாரம் வந்துவிடாது. அறக்கட்டளைச் சொத்தை வேறொருவர் கடனுக்குப் பிணையாக வைக்க அறக்கட்டளைப் பத்திரம் அனுமதிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இங்கே அனுமதித்தது, பத்திரத்தின் அதிகாரக் கூறு குடும்பத்தின் தொழில்களுக்குப் பிணை தருவதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால், இந்த ஆய்வு வேறு திசையில் போயிருக்கும்.

இனி, இருதரப்பும் முதலில் விரும்பியது என்ன என்று அறிய வேண்டியிருந்தது. அதற்கு ஆவணத்துக்கு வெளியே சில தடயங்கள் இருந்தன. கடன் வழங்க முடிவுசெய்தபோது வங்கி அனுப்பிய ஒப்புதல் குறிப்பில், ஈடு என்ற தலைப்பின் கீழ் அறக்கட்டளை நிலம் மட்டுமே இருந்தது. தனிநபர் பிணை என்ற வரியில் “இல்லை” என்று இருந்தது. இயக்குநரின் சொந்தச் சொத்து விவரத்தை வங்கி எப்போதும் கேட்டதே இல்லை. தனிநபர் பிணை வாங்க நினைக்கும் வங்கி அதைக் கேட்காமல் இருக்காது. இவற்றோடு வங்கியின் அதிகாரியிடம் பேசினோம். தனிப் பிணை தங்கள் எண்ணத்தில் இருந்ததில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 40 அளவு உயர்வுக்கு அறக்கட்டளை பொறுப்பு ஏற்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு குறை இருந்ததால் பேச்சு சுமுகமாக நடந்தது. ஒரு பக்கம் மட்டும் குறையோடு நின்றிருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தலைப்பை நான் குறுக்கினேன்: “கடன் மற்றும் பிணை ஒப்பந்தம் — திருத்தி மீள எழுதப்பட்டது.” தரப்பினர் பெயர்களைத் தலைப்பிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட்டேன். தலைப்பின் வேலை இது எந்த ஆவணம் என்று அடையாளம் காட்டுவது. பெயர்களை அங்கே வைத்தால் தொடக்கப் பத்தியின் வரிசையையும் தகுதிநிலையையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் தலைப்பு நீண்டுவிடும், சுருக்கினால் பொருந்தாமல் போகும். கோப்பில் தேடி எடுக்கப் பெயர் தேவைப்படும் இடத்தில், முகப்புத் தாளில் தொடக்கப் பத்தியின் பட்டியலையே அதே வரிசையில் மறுபடி அச்சிடலாம்.

தொடக்கப் பத்தி இப்படி ஆனது:

“இவ்வொப்பந்தம் பின்வருவோருக்கு இடையே செய்துகொள்ளப்படுகிறது:

(1) இன்ன நிறுவனம், கடன் பெறுபவர் என்ற முறையில் (கடன் பெறுபவர்);

(2) இன்னார், இன்ன நாளிட்ட பத்திரத்தால் அமைந்த குடும்ப அறக்கட்டளையின் அறங்காவலர் என்ற முறையில் மட்டும், வேறு எந்த முறையிலும் அன்றி, 17-ஆம் கூறுக்கு உட்பட்டு (அறங்காவலர்-பிணையாளர்);

(3) இன்ன வங்கி, கடன் தருபவர் என்ற முறையில் (கடன் தருபவர்).”

இதில் சுட்டிய 17-ஆம் கூறுதான், பொறுப்பு அறக்கட்டளைச் சொத்தோடு முடிகிறது என்று சொல்லும் தனிக் கூறு. வரிசையில் முதலில் கடமை ஏற்பவர், அடுத்து அவருக்காகப் பிணை நிற்பவர், கடைசியில் அந்தக் கடமைகளின் பயனைப் பெறுபவர். பல தரப்பினர் சேரும் கடன் ஆவணங்களில் பரவலாகக் காணப்படும் வரிசை இது. இதைத்தான் பின்பற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் இன்னொரு பிணையாளர் சேர்ந்தால் அவர் நிற்க வேண்டிய இடம் இந்த வரிசையில் தானாகவே தெரியும் என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியமான மாற்றம், “1-ஆம் தரப்பினர்” போன்ற எண்பெயர்களை ஆவணத்திலிருந்து முழுமையாக நீக்கியது. எண் பட்டியலில் மட்டும் இருக்கிறது. உள்ளே எல்லா இடத்திலும் வேலையின் பெயர். 14-ஆம் கூறு இப்போது “அறங்காவலர்-பிணையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி” என்று தொடங்குகிறது. பட்டியலை நாளை யாராவது தலைகீழாக மாற்றினாலும் அந்தக் கூறு அசையாது.

ஒவ்வொரு பெயரை ஒட்டியும் அதன் தகுதிநிலையைத் தனியாக எழுதியதற்குத் தமிழ் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. “க, ச, ட ஆகியோர் பிணையாளர்கள் என்ற முறையில்” என்று கடைசியில் ஒரே முறை சொல்லும்போது, அந்தத் தகுதிநிலை மூவருக்கும் பொருந்துவதாகவே தமிழ் வாக்கியம் படிக்கப்படும். க கடன் பெறுபவராகவும் மற்ற இருவர் மட்டும் பிணையாளர்களாகவும் இருந்தால் அந்த வாக்கியம் பொய் சொல்கிறது. “பின்னிருவர்”, “மேற்படியார்” என்று சுருக்குவதும் பாதுகாப்பானதல்ல. நடுவில் ஒரு பெயர் சேர்ந்தால் பின்னிருவர் வேறு இருவராகிவிடுவார்கள்.

இயக்குநர் தனிப்பட்ட முறையிலும் பிணை நிற்க ஒப்பியிருந்தால், பட்டியலில் அவர் பெயர் இரண்டு முறை வந்திருக்கும்: ஒரு முறை அறங்காவலராக, இன்னொரு முறை தனிப்பட்ட முறையில், வெவ்வேறு எண்ணிலும் வெவ்வேறு பெயரிலும். ஒரே மனிதரை இரண்டு முறை எழுதுவது வாசிக்க அசௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு தகுதிநிலைகளை ஒரே வரியில் “மற்றும்” போட்டு இணைத்தால், எந்தக் கூறு எந்த நிலையைக் குறிக்கிறது என்று பிரிக்க வழியிருக்காது. நிறுவனத்தின் இயக்குநர் என்ற நிலைக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இடமே இல்லை. நிறுவனம் தானே தரப்பினர். இயக்குநர் அதன் கை மட்டுமே. அந்தக் குறிப்பு செல்ல வேண்டிய இடம் கையொப்பப் பகுதி. பழைய தொடக்கப் பத்தியில் “இயக்குநரும்” என்ற சொல் மூன்றாம் தரப்பினரின் விவரத்துக்குள் வந்து உட்கார்ந்ததே குழப்பத்தின் முதல் விதை என்று நினைக்கிறேன்.

திருத்தம் பழையதைத் தானாகச் சரிசெய்துவிடாது. புதிய தொடக்கப் பத்தி புதிய நாளிலிருந்து பேசுகிறது. நான்கு ஆண்டுப் பழைய பொறுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனவே, மூல ஒப்பந்த நாளிலிருந்தே இயக்குநர் தனிப்பட்ட முறையில் பிணையாளராக இருந்ததில்லை என்பதை வங்கி ஏற்கும் கூறு ஒன்றும், 140 வரையிலான முழுத் தொகைக்கும் அறங்காவலர் என்ற முறையில் அவர் ஒப்பும் கூறு ஒன்றும் சேர்த்தோம். நடந்து முடிந்த உயர்வுக்கு இப்போது தரும் ஒப்புதலுக்குக் கைம்மாறு என்ன என்ற கேள்வி எழக்கூடும் என்பதால், தவணைக் காலத்தை வங்கி நீட்டிப்பதை அதற்கான கைம்மாறாக வெளிப்படையாக எழுதினோம். அறங்காவலராக ஒப்பும் முன், பிள்ளைகளின் நலன் கருதி அவர் தனியே ஒரு தீர்மானக் குறிப்பு எழுதி அறக்கட்டளைக் கோப்பில் வைத்தார். நிறுவனத்தின் தீர்மானத்தோடு அதை ஒட்டாமல் வேறு தாளில் எழுதச் சொன்னேன்.

கையொப்பப் பகுதி தொடக்கப் பத்தியின் அதே வரிசையில், அதே எண்ணில், அதே சொற்களில் அமைந்தது. “இன்ன நிறுவனத்துக்காக, அதன் இயக்குநர்” என்று ஒரு கட்டம். “இன்னார், குடும்ப அறக்கட்டளையின் அறங்காவலர் என்ற முறையில் மட்டும்” என்று ஒரு கட்டம். வங்கிக்கு ஒரு கட்டம். பழைய பக்கத்தில் இருந்த “அறக்கட்டளைக்காக” என்ற சொல்லை நீக்கினேன். அறக்கட்டளை ஓர் ஆள் என்றும் இவர் அதன் முகவர் என்றும் அது தோன்றச் செய்கிறது.

கையொப்ப நாளில் இயக்குநர் இரண்டு கட்டங்களிலும் கையொப்பமிட்டார். பிறகு அலுவலக உதவியாளர் பழக்கத்தில், இரண்டின் மீதும் “இயக்குநர்” என்ற நிறுவன முத்திரையைப் பதித்துவிட்டார். அறங்காவலர் என்ற முறையில் மட்டும் என்று அச்சிட்ட வரியின் மேல் நிறுவனத்தின் முத்திரை நீல மையில் படிந்திருந்தது. வங்கி அதிகாரி பரவாயில்லை என்றார். மெக்கெல்வி வழக்கு முழுவதும் கையொப்பத்தை ஒட்டிய ஒரு சொல்லில்தான் நின்றது என்பதை அவரிடம் சொல்லி, அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சிட்டு, முத்திரை இல்லாமல் மறுபடி கையொப்பம் வாங்கினோம். பழைய பக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் குறுக்குக் கோடிட்டு ரத்துசெய்தோம்.